‘வரை’ வெட்டுப்படாமல் விளம்பரத்துக்கு சைஸ் மாற்றுவது

ஜவுளிக்கடை ஆடி விளம்பரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலே கடை லோகோ, நடுவில் பெரிதாக ‘ஆடித் தள்ளுபடி’, அதன் கீழே ‘20% வரை’, பிறகு ‘ஜூலை 17 முதல் ஆகஸ்ட் 16 வரை’, பின்னணியில் பட்டுப்புடவை. சதுரமாக டிசைன் செய்து கடைக்காரர் ஓகே சொல்லிவிடுகிறார். அடுத்த நாளே இன்ஸ்டா ஸ்டோரிக்கு ஒன்று, ரீல்ஸுக்கு ஒன்று, பேஸ்புக் லிங்க் விளம்பரத்துக்கு ஒன்று, இணையதள பேனருக்கு ஒன்று என்று கேட்பார். அதையே இழுத்து, வெட்டி, ஒட்டித் தரும்போது முதலில் பலியாவது பெரும்பாலும் ‘வரை’ என்ற சின்னச் சொல்தான். எண்ணுக்குப் பக்கத்தில் மேலே சிறிதாக ஒட்டிக்கொண்டிருப்பதால் அது போனது கண்ணில் படாது. ஆனால் ‘20% வரை’ என்பதும் ‘20%’ என்பதும் ஒன்றல்ல. பில் போடும் இடத்தில் சண்டை வரும்.

ஆகவே சைஸ் மாற்றத் தொடங்குமுன் எது வெட்டுப்படவே கூடாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விளம்பரத்தில் அவை நான்கு: லோகோ, ‘ஆடித் தள்ளுபடி’, ‘20% வரை’, தேதி. போன் நம்பர், முகவரி, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இடமில்லாத வடிவத்தில் அவற்றைப் பதிவின் எழுத்துப் பகுதிக்கோ கடையின் இணையப் பக்கத்துக்கோ மாற்றிவிடலாம். இந்தப் பிரிவினையைக் கடைக்காரரிடம் முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பேனரை அனுப்பிய பிறகு “போன் நம்பர் எங்கே?” என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

வடிவங்கள் எத்தனை இருந்தாலும், வேலை என்று பார்த்தால் மூன்று வகைதான். சதுரம், 4:5, 9:16 மூன்றுக்கும் ஒரே அமைப்பு போதும். 1.91:1 என்ற அகல வடிவத்துக்கு அதே பொருள்களை வேறு மாதிரி அடுக்க வேண்டும். 728×90, 320×50 போன்ற பட்டைகளுக்கு வாசகத்தையே குறைக்க வேண்டும். மூன்றையும் ஒரே முறையில் கையாள நினைக்கும்போதுதான் எழுத்து வெட்டுப்படுகிறது.

முதல் வகையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இதில் கடினமான வடிவம் 1080×1920, அதாவது 9:16. உயரம் நிறைய இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதில் பாதிதான் நம்முடையது. ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மேலே 14%, கீழே 35%, இரு பக்கமும் 6% இடத்தில் எழுத்தோ லோகோவோ வைக்க வேண்டாம் என்பது மெட்டாவின் சொந்தப் பரிந்துரை. மேலே கணக்கின் பெயரும் பொத்தான்களும் வரும். கீழே தலைப்பு வாசகம், ‘மேலும் அறிக’ பொத்தான், லைக், கமென்ட் ஐகான்கள் எல்லாம் வந்து உட்காரும். பிக்சலில் சொன்னால் மேலே சுமார் 269, கீழே 672, பக்கத்துக்கு 65. ஸ்டோரியில் கீழே 20% விட்டால் போதும் என்கிறார்கள். ஆனால் ஒரே படம் இரண்டிலும் ஓடும் என்பதால் கண்டிப்பான கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வெட்டும் உண்டு. ரீல் ஒன்று ஃபீடில் வரும்போது 9:16 முழுதாகத் தெரியாமல் நடுவிலிருந்து 4:5 அளவுக்கு வெட்டுப்படும். 1920-இல் 1350 மட்டும் மிஞ்சும், மேலே 285, கீழே 285 போய்விடும். புரொஃபைல் பக்கத்தின் கட்டங்கள் 2025 தொடக்கத்திலிருந்து 3:4 ஆகிவிட்டதால், அங்கே ரீலின் அட்டைப்படத்தில் மேலும் கீழும் 240 போகும். இத்தனை எல்லைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பார்த்தால், எல்லாவற்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு சதுரம்: 950 அகலம், 963 உயரம். கணக்குக்கு வசதியாக அதை 940×940 என்று வைத்துக்கொள்ளலாம். 1080 சதுரத்தின் நடுவில் அதை வைத்தால் நான்கு பக்கமும் சரியாக 70 பிக்சல் ஓரம் கிடைக்கிறது. நல்ல ஓரம்தான் அது.

இங்கிருந்துதான் வேலை எளிதாகிறது. லோகோ, தலைப்பு, தள்ளுபடி, தேதி நான்கையும் 940×940 கட்டத்துக்குள் அடுக்கி ஒரே குரூப்பாக ஆக்கிவிடுங்கள். இதைச் செய்திக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 1080×1080 படத்தில் அது நடுவில் இருக்கும். 1080×1350 படத்திலும் நடுவில், மேலே 205, கீழே 205 இடம் விட்டு. 1080×1920 படத்தில் மட்டும் நடுவில் வைக்கக் கூடாது. மேல் விளிம்பிலிருந்து 290-இல் தொடங்கி 1230-இல் முடிய வேண்டும். மூன்றிலும் செய்திக் கட்டம் அதே அளவுதான், எழுத்து ஒரு பிக்சல்கூடச் சிறிதாகாது. மாறுவது பின்னணி மட்டுமே.

9:16 படத்தில் கட்டம் மேலே தூக்கி வைத்தது போலத் தோன்றும், “ஏன் கீழே இவ்வளவு காலி?” என்று கடைக்காரர் கேட்கத்தான் செய்வார். அந்த 690 பிக்சல் உயரத்தில் புடவையின் முந்தானை, ஜரிகை, மடிப்பு இவை வரட்டும். பொத்தான்கள் மறைத்தாலும் நஷ்டமில்லாத பகுதி அது. கேட்பவருக்கு விளக்கிக்கொண்டிருப்பதைவிட, பொத்தான்கள் மூடியிருக்கும் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பிவிடுவது சுலபம்.

கட்டத்தின் உள்ளே மேல் விளிம்பில் 40 பிக்சலுக்கு எதையும் வைக்காதீர்கள். 9:16 படத்தில் கட்டம் 290-இல் தொடங்குகிறது, ஃபீடில் வெட்டு 285-இல் விழுகிறது. லோகோவைக் கட்டத்தின் உச்சியிலேயே ஒட்டினால் அது வெட்டுப்படாது. ஆனால் படத்தின் விளிம்பில் போய் இடித்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உள்ளே அடுக்குவதற்கு ஒரு கணக்கு. மேலிருந்து 40 விட்டு லோகோ 140 உயரம். பிறகு ‘ஆடித்’, ‘தள்ளுபடி’ என்று இரண்டு வரிகள், எழுத்தளவு 180, வரிக்கு வரி 235. அதன் கீழே ‘20% வரை’ 120 உயரத்தில், கடைசியாகத் தேதி ஒரே வரியில், 45 அளவுக்குக் குறையாமல். ‘தள்ளுபடி’ என்ற சொல் தடிமனான தமிழ் ஃபாண்டில் எழுத்தளவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அகலம் பிடிக்கும். 180 அளவில் 720 பிக்சல், கட்டத்துக்குள் அடங்கிவிடும். அகலமான ஃபாண்டு என்றால் அளவைக் குறையுங்கள். எழுத்துகளை நெருக்கிப் பிடிக்காதீர்கள், ‘ள்ளு’ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

வரி இடைவெளியை 235 என்று தாராளமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழில் மேலே புள்ளியும் ‘டி’யின் கொக்கியும் ஏறும், கீழே ‘ளு’வின் வால் இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் 100 அல்லது 110 சதவீத இடைவெளியில் மேல் வரியின் வால் கீழ் வரியின் புள்ளியில் மோதும். 130 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம். இதைவிட மோசமானது, எழுத்துப் பெட்டியின் உயரத்தைப் பூட்டி வைத்துவிட்டு சைஸ் மாற்றுவது. பெட்டிக்கு வெளியே போகும் பகுதி மறைந்துவிடும், புள்ளிதான் முதலில் போகும். ‘தளளுபடி’ என்று அச்சாகிவிட்டால் அதை எழுத்துப்பிழை என்பார்கள். அது உண்மையில் கிராப் பிழை. பெட்டி உயரத்தை ‘ஆட்டோ’வில் விடுங்கள்.

வரி எங்கே உடைகிறது என்பதும் கிராப்போடு சம்பந்தப்பட்டது. பெட்டியின் அகலத்தைக் குறைத்த உடனே ‘20%’ ஒரு வரியிலும் ‘வரை’ அடுத்த வரியிலும் விழும். அந்த அடுத்த வரி கட்டத்துக்கு வெளியே போகும், அல்லது தேதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ‘20%’க்கும் ‘வரை’க்கும் நடுவில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக உடையாத ஸ்பேஸ் வையுங்கள். விண்டோஸில் Alt அழுத்தியபடி எண் பலகையில் 0160, மேக்கில் Option-உடன் ஸ்பேஸ். ‘ஜூலை 17’, ‘ஆகஸ்ட் 16’ இரண்டுக்கும் அதையே செய்யலாம். எண்ணும் ‘வரை’யும் தனித்தனி லேயராக இருந்தால் இரண்டையும் குரூப் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் சைஸ் மாற்றும்போது ஆளுக்கொரு பக்கம் நகரும். ‘வரை’யின் எழுத்தளவு எண்ணில் பாதியாவது இருக்கட்டும்.

பெட்டி மிகவும் குறுகினால் சில மென்பொருள்கள் சொல்லையே நடுவில் உடைக்கும்: ‘தள்ளுப’ ஒரு வரி, ‘டி’ அடுத்த வரி. கையால் எண்டர் தட்டி உடைக்கிறவர்களும் உண்டு. கொம்பையோ கொக்கியையோ எழுத்திலிருந்து பிரித்துவிட்டால் புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தோடு ‘◌ி’ என்று தனியாக நிற்கும். அந்த வட்டம் எங்கே தெரிந்தாலும் அங்கே ஒரு எழுத்து உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அச்சகத்திலிருந்து வரும் பழைய கோப்புகளில் வேறொரு தொல்லை இருக்கிறது. பாமினி போன்ற பழைய குறிமுறை ஃபாண்டுகளில் அடித்திருப்பார்கள். அந்த ஃபாண்டு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும், அகலமும் மாறிவிடும். யூனிகோடில் மறுபடி அடிப்பதே நிம்மதி. அதற்கு நேரமில்லை என்றால், ஃபாண்டு இருக்கும் கணினியிலேயே எழுத்தை அவுட்லைனாக மாற்றி வாங்குங்கள். திருத்துவதற்கு ஒரு மூலப் பிரதி தனியாக இருக்கட்டும்.

பின்னணிப் படத்துக்கு வருவோம். மூன்று வடிவங்களுக்கும் ஒரே புகைப்படம் என்றால் அது மிகப் பெரிய வடிவத்தை நிரப்ப வேண்டும். 4000×3000 அளவில் படுக்கை வாக்கில் எடுத்த படத்திலிருந்து 9:16 வெட்டினால் அகலத்தில் 1687 மட்டுமே மிஞ்சும், பாதிக்கும் குறைவு. அந்த நடுப்பகுதியில் புடவையின் பார்டர் விழவில்லை என்றால் ஸ்டோரியில் வெறும் துணிதான் தெரியும். படம் எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடலாம்: பொருள் நடுவில், சுற்றிலும் தாராளமாக இடம். ஏற்கெனவே நெருக்கமாக எடுத்துவிட்ட படம் என்றால் மேலும் கீழும் புடவையின் நிறத்திலேயே ஒரு தட்டை நிறத்தைப் போட்டு நீட்டிவிடுங்கள். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் பரப்புவது பலருக்குப் பழக்கம். எங்களுக்கு அது பிடிப்பதில்லை. எழுத்துக்குப் பின்னால் சேறு போலக் கிடக்கும்.

சதுரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விளம்பரமாக மட்டும் ஓடினால் 1:1 நன்றாகவே இருக்கும். ஆனால் கடையின் இன்ஸ்டா பக்கத்தில் பதிவாகவும் போடுவார்கள் என்றால், 3:4 கட்டத்துக்குள் சதுரம் நுழையும்போது இடமும் வலமும் 135 பிக்சல் போய்விடும். நம் ஓரம் 70தான், எனவே தேதி வரியின் முனைகள் காணாமல் போகும். பக்கத்தில் போடுவதற்கு 4:5 படத்தைக் கொடுத்தால் இடமும் வலமும் 34 மட்டுமே போகும், நம் ஓரம் அதைத் தாங்கும்.

இனி இரண்டாம் வகை, 1200×628. செய்திக் கட்டத்தை இதற்குள் சுருக்கி வைத்தால் 620 அகலத்துக்கு ஒடுங்கி, எழுத்து மூன்றில் ஒரு பங்கு சிறிதாகி, இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். கட்டத்தைப் பிரித்துவிடுவதுதான் வழி. இடது பாதியில் எழுத்து, வலது பாதியில் புடவை. மேலும் கீழும் 40 விட்டால் 548 உயரம் இருக்கிறது. லோகோவுக்கு 80, தலைப்பு 120 அளவில் இரண்டு வரிக்கு 320, ‘20% வரை’க்கு 90. அத்துடன் இடம் தீர்ந்துவிடும். தேதியை அதற்குக் கீழே திணிக்க வேண்டாம். வலது பக்கப் படத்தின் அடியில் ஒரு பட்டை போட்டு அதில் எழுதிவிடலாம். ‘ஆடித் தள்ளுபடி’யை ஒரே வரியில் நீட்டிப் பார்க்கும் ஆசை வரும். அப்போது அது படத்தின் மேல் ஏறி, ஜரிகையின் பளபளப்பில் படிக்க முடியாமல் போகும்.

கூகுளின் ரெஸ்பான்சிவ் டிஸ்ப்ளே விளம்பரத்துக்கு இதே 1.91:1 படம் கேட்பார்கள். அங்கே சில இடங்களில் இடமும் வலமும் 5% வரை வெட்டுவார்கள், 1200-இல் 60 பிக்சல். ஆகவே இடது ஓரம் குறைந்தது 80 இருக்கட்டும். அதைவிட, அங்கே படத்தின் மேல் எழுத்தும் லோகோவும் பதிக்க வேண்டாம் என்றே கூகுள் சொல்கிறது. தலைப்பையும் லோகோவையும் அவர்கள் தனியாக வாங்கி, தாங்களே அடுக்குவார்கள். எனவே அங்கே புடவைப் படத்தை மட்டும் கொடுத்து, ‘ஆடித் தள்ளுபடி 20% வரை’ என்பதைத் தலைப்பாக அடித்துவிடுங்கள். வெட்டுப்பட எதுவுமே இருக்காது.

மூன்றாம் வகை பட்டைகள். 728×90-இல் புகைப்படத்துக்கு வேலை இல்லை. இடப்பக்கம் லோகோ 160 அகலம், நடுவில் ‘ஆடித் தள்ளுபடி’ 40 அளவில் ஒரே வரி, வலப்பக்கம் ‘20% வரை’. தேதி கிடையாது, கிளிக் செய்தால் வரும் பக்கத்தில் இருக்கட்டும். 320×50-இல் லோகோவின் சின்னம் மட்டும் 40×40, எழுத்து 20 அளவு. இந்த அளவில் புள்ளி என்பது இரண்டு பிக்சல்தான். பெரிய படத்தைச் சுருக்கி இதைச் செய்தால் புள்ளி கரைந்துவிடும். 320×50 கோப்பைப் புதிதாகத் திறந்து அதிலேயே எழுத்தை அடியுங்கள். ஜேபெக்கில் சேமித்தால் எழுத்தைச் சுற்றித் தூசி படியும். பிஎன்ஜியில் சேமியுங்கள். கூகுளின் 150 கேபி எல்லைக்குள் இது தாராளமாக அடங்கும்.

லோகோவைக் கடையிடமிருந்து வாங்கும்போதே இதற்காக மூன்று விதமாகக் கேளுங்கள்: அகலமானது, அடுக்கியது, சின்னம் மட்டும். ‘பட்டுக்குப் பெயர் பெற்ற...’ என்று லோகோவுக்குக் கீழே ஓடும் பொடி வரி 140 உயரத்தில் படிக்கலாம், 80-இல் படிக்க முடியாது. சிறிய வடிவங்களில் அது இல்லாத லோகோ வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த லோகோ படத்தைப் பெரிதாக்கி ஓட்டாதீர்கள், வெக்டர் கோப்பு விசிட்டிங் கார்டு அடித்த அச்சகத்தில் இருக்கும்.

படங்கள் தயாரானதும், தளங்கள் வெட்டுவதற்கு முன் நாமே வெட்டிப் பார்த்துவிடலாம். கட்டளை அடித்துப் படங்களை வெட்டும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தால் இரண்டே வரிகள்:

```
magick 9x16.png -gravity center -crop 1080x1350+0+0 +repage feed.png
magick 9x16.png -gravity center -crop 1080x1440+0+0 +repage grid.png
```

இவற்றோடு ஒரு மறைப்புப் படமும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1080×1920-இல் மேலே 269, கீழே 672, பக்கங்களில் 65 அளவுக்குப் பாதி தெரியும் சிவப்பைப் பூசி, டிசைனின் மேல் லேயராகப் போட்டு வையுங்கள். சிவப்புக்குள் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்த லேயரை அணைக்க மறக்கக் கூடாது. சிவப்புப் பட்டையோடு கடைக்காரருக்குப் போய்விட்டால் அதையும் டிசைன் என்று நினைத்துக்கொள்வார்.

பிறகு மெட்டா ஆட்ஸ் மேனேஜரில் ஒவ்வொரு இடத்துக்கும் உரிய படத்தைத் தனித்தனியாக ஏற்றுங்கள்: ஃபீடுக்கு 4:5, ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 9:16. ஒரே சதுரத்தை ஏற்றிவிட்டு விட்டால் மிச்ச இடங்களுக்கு அதுவே வெட்டவோ ஓரம் நிரப்பவோ செய்யும். படத்தைத் தானாகச் சீரமைக்கும் வசதிகள் அங்கே இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள், நாம் கணக்குப் போட்டு வைத்த ஓரத்தை அது மாற்றிவிடும். முன்னோட்டத்தில் ஒவ்வொரு இடத்தையும் திறந்து, நான்கு விஷயங்களையும் படத்திலிருந்து மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். பார்த்தால் மூளை விட்டுப்போனதை நிரப்பிக்கொள்ளும், படித்தால் ‘வரை’ இல்லாதது தெரியும். கடைசியாக ஒரு சாதாரண போனில், கை நீட்டிய தூரத்தில். தேதி படிக்க முடியவில்லை என்றால் 45-ஐ 50 ஆக்குங்கள்.

ஆடி முடியும்போது பெரும்பாலும் ஒரு போன் வரும்: “ஆகஸ்ட் 23 வரை நீட்டிச்சிட்டோம், மாத்திக் கொடுங்க.” 9:16, 4:5, 1:1 மூன்றும் செய்திக் கட்டத்தின் ஒரே மூலத்தைப் பகிர்ந்தால், ஃபிக்மாவில் காம்பொனென்டாகவோ ஃபோட்டோஷாப்பில் லிங்க் செய்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டாகவோ இருந்தால், ஒரு இடத்தில் மாற்றினால் மூன்றிலும் மாறும். 1200×628-இல் தனியாக மாற்ற வேண்டும். பட்டைகளில் தேதியே இல்லை, அவை அப்படியே ஓடட்டும்.